நின்ற பிறகும் ஆடிய கை: 0.125 வினாடி செய்த மாற்றம்

ஆறாம்மூட்டு

ஒரு மாதமாகப் போராடி இப்போதுதான் ஓரளவு கரையேறியிருக்கிறேன், அதை எழுதி வைக்கிறேன். என்னுடையது மேசை மேல் வைக்கும் ஐந்து மூட்டு ரோபோ கை. சோதனைக் குழாய்களை ஒரு தாங்கியிலிருந்து எடுத்து இன்னொரு தாங்கியின் துளைக்குள் இறக்க வேண்டும். குழாய்க்கும் துளைக்கும் இடையே 1 மி.மீ. இடைவெளிதான் இருக்கிறது.

முதலில் இலக்குக் கோணத்தை அப்படியே சர்வோவுக்கு அனுப்பினேன். இடுப்பு மூட்டு 120° திரும்ப வேண்டுமென்றால் ஒரே கட்டளை. கை வெடுக்கென்று கிளம்பும், போய்ச் சேர்ந்ததும் தடாலென்று நிற்கும், மேசையே ஒரு அங்குலம் நகர்ந்துவிடும். இது ஆகாது என்று சரிவக வடிவ வேகத்துக்கு மாறினேன். வேகம் சீராக ஏறி, நடுவில் ஒரே அளவில் ஓடி, பிறகு சீராக இறங்கும். உச்ச வேகம் 90°/வி, முடுக்கம் 200°/வி². வேகம் ஏற 0.45 வினாடி, இறங்க 0.45 வினாடி. மொத்தப் பயணம் 1.78 வினாடி.

வெடுக் போய்விட்டது, ஆனால் நடுக்கம் போகவில்லை. மோட்டார் நின்ற பிறகும் கையின் நுனி இடமும் வலமும் ஆடிக்கொண்டே இருந்தது. குழாயை இறக்க ஏறக்குறைய ஒரு வினாடி காத்திருக்க வேண்டியதாயிற்று. காத்திருக்காமல் இறக்கினால் குழாய் துளையின் விளிம்பில் இடித்தது. சர்வோவின் கெயினைக் கூட்டினேன், குறைத்தேன், திருகுகளையெல்லாம் இறுக்கினேன், ஒன்றும் பிடிபடவில்லை. இதே தொல்லையை யாராவது அனுபவித்திருக்கிறீர்களா?

நூல்பிடி

எனக்கும் இதே கதைதான். நான் செய்தது ஒன்றே ஒன்று, முடுக்கத்தைக் குறைத்தேன். எஸ் வளைவு அது இது என்று சிக்கலாக்கிக்கொள்ள வேண்டாம். 200ஐ 180 ஆக்கிப் பாருங்கள், நடுக்கம் அடங்கிவிடும். மெதுவாக ஏறினால் மெதுவாக நிற்கும், அவ்வளவுதான்.

ஆறாம்மூட்டு

நூல்பிடி, நம்பவே முடியவில்லை. 180 போட்டதும் நடுக்கம் கிட்டத்தட்ட காணாமலே போய்விட்டது. அப்படியானால் இன்னும் குறைத்தால் இன்னும் நன்றாக இருக்குமே என்று 150 போட்டேன். திரும்ப வந்துவிட்டது! 200இல் இருந்த அளவு இல்லை, பாதி இருக்கும், ஆனால் கண்ணுக்கு நன்றாகவே தெரிகிறது. மெதுவாக ஏறும்போது ஏன் கூடுதலாக ஆட வேண்டும்?

பல்சக்கரம்

உங்கள் கை எத்தனை வேகத்தில் ஆடுகிறது என்று அளந்தீர்களா? அளக்காமல் எண்களை மாற்றினால் குருட்டாம்போக்குதான். கைபேசியில் நொடிக்கு 240 படம் எடுக்கும் மெதுவியக்க வீடியோ இருந்தால் போதும். கையை நீட்டி வைத்து, நுனியை விரலால் ஒரு தட்டுத் தட்டி, பத்து முழு ஆட்டம் முடிய எத்தனை படம் ஆகிறது என்று எண்ணுங்கள்.

ஆறாம்மூட்டு

மூன்று தடவை எண்ணினேன். பத்து ஆட்டத்துக்கு 300 படம், ஒன்றிரண்டு முன்னே பின்னே.

பல்சக்கரம்

300 படம் என்றால் 1.25 வினாடி. ஆக ஓர் ஆட்டத்துக்கு 0.125 வினாடி, நொடிக்கு 8 தடவை. உங்கள் புதிர் இதிலேயே அவிழ்ந்துவிடுகிறது.

முடுக்கம் 180 என்றால் 90°/வி வேகத்தை எட்ட 0.5 வினாடி ஆகும். அது சரியாக நான்கு ஆட்டம். முடுக்கம் தொடங்கும்போது கைக்கு ஓர் உதை விழுகிறது, முடியும்போது எதிர்ப்பக்கம் இன்னோர் உதை விழுகிறது. நடுவில் முழு எண்ணிக்கையில் ஆட்டங்கள் முடிந்திருந்தால் இரண்டாவது உதை முதல் உதை கிளப்பிய ஆட்டத்தை அணைத்துவிடும். ஊஞ்சலைத் தள்ளியவரே சரியான நேரத்தில் பிடித்து நிறுத்துவதைப் போல. 150 போட்டபோது 0.6 வினாடி ஆனது. அது 4.8 ஆட்டம், அதனால் இரண்டாவது உதை தப்பான நேரத்தில் விழுந்தது. 200இல் 3.6 ஆட்டம், அது இன்னும் மோசம்.

நூல்பிடி சொன்னது பலித்தது, ஆனால் அவர் சொன்ன காரணத்தால் அல்ல. முடுக்கத்தின் அளவைவிட அந்த நேரக் கணக்குத்தான் அங்கே வேலை செய்தது.

நூல்பிடி

என் கையில் 180 சரியாக வந்ததும் தற்செயல்தானா? இரண்டு வருடமாக எல்லோருக்கும் "குறைத்தால் போதும்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். சரி, அப்படியே இருக்கட்டும். 180இலேயே விட்டுவிட்டால் போயிற்றே, எஸ் வளைவு எதற்கு?

பல்சக்கரம்

சின்ன நகர்வில் அது கைவிட்டுவிடும். 90°/வி வேகத்துக்கு ஏறி இறங்கவே 45° தேவை. 10° மட்டும் நகர வேண்டுமென்றால் உச்ச வேகத்தை எட்டவே முடியாது, சரிவகம் முக்கோணமாகச் சுருங்கிவிடும். அப்போது ஏறும் நேரம் 0.5 வினாடி இல்லை, ஏறக்குறைய 0.24 வினாடி. நான்கு ஆட்டக் கணக்கு அங்கேயே உடைந்துவிடும்.

எஸ் வளைவில் முடுக்கம் ஒரேயடியாகக் குதிக்காது, அதுவும் சரிவாக ஏறி இறங்கும். அந்தச் சரிவின் நேரத்தைக் கையின் ஓர் ஆட்டத்துக்குச் சமமாக வைத்துவிட்டால், நகர்வு பெரிதோ சிறிதோ, அந்த ஆட்டம் எழும்பாது. உங்கள் 200°/வி² முடுக்கத்துக்கு, முடுக்கம் மாறும் வேகமான ஜெர்க் 200 ÷ 0.125, அதாவது 1600°/வி³. பயண நேரம் 0.125 வினாடி மட்டும் கூடும், 1.78 என்பது 1.91 ஆகும். அந்த ஒரு வினாடிக் காத்திருப்பு போய்விடும், அதனால் மொத்த வேலை சீக்கிரமே முடியும்.

ஏழு கட்டச் சமன்பாடுகளை எழுதி அல்லாட வேண்டாம். சரிவகத்தை இப்போது போலவே கணக்கிடுங்கள். வெளிவரும் நிலையைக் கடைசி 0.125 வினாடிக்குச் சராசரி எடுத்து சர்வோவுக்கு அனுப்புங்கள். கிடைப்பது எஸ் வளைவுதான். 5 மில்லிவினாடிக்கு ஒரு கட்டளை அனுப்புகிறீர்கள் என்றால் 25 மதிப்புகள்.

```python
from collections import deque
N = 25
buf = deque(maxlen=N)

def start(pos):
    buf.extend([pos] * N)

def smooth(pos):
    buf.append(pos)
    return sum(buf) / N
```

சரிவகம் முடிந்த பிறகும் இலக்கு நிலையையே இன்னும் 25 தடவை உள்ளே கொடுக்க மறக்காதீர்கள். மறந்தால் கை இலக்குக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிடும்.

புதுக்கை

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். என் கை வெள்ளைப் பலகையில் நேர்க்கோடு வரைய வேண்டும். எஸ் வளைவு போட்டால் கோடும் எஸ் மாதிரி வளைந்துவிடாதா? அந்தப் பயத்திலேயே இதைத் தொடாமல் இருக்கிறேன்.

பல்சக்கரம்

அந்தப் பெயர் வேகம் ஏறும் விதத்துக்கு வைத்தது, பாதைக்கு வைத்தது அல்ல. பாதை நேர்க்கோடாகவே இருக்கலாம், அதன் மேல் எந்த நேரத்தில் எந்த இடத்தில் இருக்கிறோம் என்பதுதான் மாறுகிறது. ஆனால் உங்கள் பயத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. ஒவ்வொரு மூட்டின் கோணத்துக்கும் தனித்தனியாகச் சராசரி எடுத்தால் கோடு கொஞ்சம் வளையத்தான் செய்யும், மூட்டுக்கு மூட்டு வேறு வேறு N வைத்தால் இன்னும் மோசம். கோட்டின் மேல் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்ற ஒரே எண்ணுக்குச் சராசரி எடுங்கள். அதிலிருந்து நுனியின் இடம், நுனியின் இடத்திலிருந்து மூட்டுக் கோணங்கள் என்று போனால் கோடு நேராகவே வரும்.

ஸ்டெப்பர்பிரியன்

என்னுடைய கையில் ஆட்டம் இல்லை, வேறு தொல்லை. ஸ்டெப்பர் மோட்டார் கிளம்பும்போது "கீ...ங்" என்று கத்திவிட்டு அதே இடத்தில் நிற்கிறது. AccelStepper நூலகத்தில் `setAcceleration(500)` கொடுத்திருக்கிறேன். அதை 50 ஆக்கியும் அதேதான். எனக்கும் எஸ் வளைவு தேவைப்படுமா?

பல்சக்கரம்

நீங்கள் loop-இல் அழைப்பது `run()` தானா, `runSpeed()` ஆ?

ஸ்டெப்பர்பிரியன்

`runSpeed()`.

பல்சக்கரம்

அதுதான் காரணம். `runSpeed()` கொடுத்த வேகத்தில் நேரடியாக ஓட்டும், முடுக்கத்தைக் கண்டுகொள்ளாது. `moveTo()` கொடுத்து `run()` அழைத்தால்தான் நீங்கள் கொடுத்த 500 வேலைக்கு வரும். உங்களுக்கு முதலில் வேண்டியது சரிவகம். ஸ்டெப்பர் நின்ற நிலையிலிருந்து ஓரளவு வேகத்துக்குத்தான் ஒரே தாவலில் போக முடியும், அதைத் தாண்டினால் காந்தப்புலம் முன்னே ஓடிவிடும், அச்சு பின்தங்கிவிடும். அந்தச் சத்தம் அதுதான்.

ஆறாம்மூட்டு

செய்து பார்த்துவிட்டேன். முதல் ஓட்டத்திலேயே ஒரு தவறு செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். பட்டியலைக் கையின் அப்போதைய நிலையால் நிரப்பாமல் சுழியங்களால் நிரப்பினேன். கை 70°இல் நின்றுகொண்டிருந்தது. மின்சாரம் கொடுத்ததும் சராசரி சுழியத்துக்குப் பக்கத்தில் இருந்ததால் கை 0°ஐ நோக்கிப் பாய்ந்தது. இரண்டு குழாய்கள் உடைந்தன. கண்ணாடி அணிந்திருந்தேன், நல்லவேளை. மேலே உள்ள `start()`ஐ யாரும் விட்டுவிடாதீர்கள். சர்வோவிடமிருந்து அப்போதைய கோணத்தைப் படித்து அதைக் கொடுத்த பிறகே மோட்டாருக்கு விசை கொடுங்கள்.

அதைத் திருத்திய பிறகு வந்த பலன் இது. கையை நீட்டிய நிலையில் 120° நகர்வு, முடுக்கம் பழைய 200 தான். நுனி நிற்கிறது, அப்படியே நிற்கிறது. 0.1 வினாடி மட்டும் காத்திருந்து குழாயை இறக்குகிறேன். 10° நகர்விலும் ஆட்டம் தெரியவில்லை. சின்ன நகர்வில் இன்னொரு பழைய பிழையும் அப்போதுதான் அகப்பட்டது. நடுவில் ஒரே வேகத்தில் ஓடும் நேரத்தை (10 − 40.5) ÷ 90 என்று கணக்கிட்டு −0.34 வினாடி என்று வைத்துக்கொண்டு என் நிரல் ஓடிக்கொண்டிருந்தது. சில நகர்வுகளின் கடைசியில் வந்த ஒரு சின்னத் துள்ளலுக்கு அதுதான் காரணம். இப்போது தூரம் 40.5°க்குக் குறைந்தால் உச்ச வேகத்தை √(முடுக்கம் × தூரம்) என்று மாற்றிக்கொள்கிறேன், 10°க்கு 44.7°/வி வருகிறது.

தீராதது ஒன்று இருக்கிறது. கையை மடக்கியபடி திருப்பினால் லேசான ஆட்டம் தெரிகிறது. அளந்தேன், அப்போது நொடிக்கு 11 தடவை ஆடுகிறது.

பல்சக்கரம்

மடக்கினால் சுழலும் எடை மையத்துக்கு நெருங்குகிறது, அதனால் வேகமாக ஆடும். 8க்கு வைத்த சராசரி 11இல் ஆட்டத்தை முழுதாக நீக்காது, ஐந்தில் ஒரு பங்காகக் குறைக்கும். கனமான பொருளைப் பிடித்து ஆட்டம் 6.5க்கு இறங்கினாலும் ஏறக்குறைய அதே பங்கு மிஞ்சும். 0.125க்குப் பிறகு 0.09 வினாடிக்கு இரண்டாவது சராசரி ஒன்று போட்டால் 11ஐயும் பிடிக்கலாம், பயண நேரம் இன்னும் 0.09 கூடும். நான் பெரும்பாலும் நீட்டிய நிலைக்கு வைத்துவிட்டு மிச்சத்தைப் பொறுத்துக்கொள்வேன்.

நூல்பிடி

அவசர நிறுத்தம் அழுத்தினாலும் சராசரி முடியும் வரை கை 0.125 வினாடி ஓடுமே?

பல்சக்கரம்

ஓடும். அதனால் அவசர நிறுத்தத்தை இந்த வழியில் விடவே கூடாது, அது நேராக மோட்டாரின் விசையைத் துண்டிக்க வேண்டும். கை கனமாக இருந்தால் தோள் மூட்டுக்குத் தனி பிரேக்கும் வேண்டும், இல்லையென்றால் தொப்பென்று விழும்.

நூல்பிடி

இன்று என் கையையும் அளந்தேன். நொடிக்கு 8 எல்லாம் இல்லை, 5.5 தான். தட்டினால் இரண்டு ஆட்டம் ஒழுங்காக வருகிறது, அப்புறம் "டக் டக்" என்று தடுமாறுகிறது. ஏறும் நேரம் 0.5 வினாடி என்றால் 2.75 ஆட்டம். ஆக, 180 எனக்குப் பலித்ததற்கு நீங்கள் சொன்ன கணக்கும் பொருந்தவில்லையே?

பல்சக்கரம்

அந்த "டக் டக்" கியரில் இருக்கும் தளர்ச்சியாக இருக்கலாம். தளர்ச்சி இருந்தால் சின்ன ஆட்டத்துக்கும் பெரிய ஆட்டத்துக்கும் காலம் ஒன்றாக இருக்காது, அங்கே இந்தக் கணக்கு சரியாக நிற்காது. மோட்டாரை விசையோடு பிடிக்க வைத்து நுனியைக் கையால் மெல்ல அசைத்துப் பாருங்கள். எதிர்ப்பே இல்லாமல் எவ்வளவு நகர்கிறது?

நூல்பிடி

3 மி.மீ.