18 லட்சம் சம்பளத்துக்குப் பழைய வரிமுறையா, புதிய வரிமுறையா?

கயல்
சென்னையில் வேலை, வாடகை வீடு. 2025-26 நிதியாண்டில் என் மொத்தச் சம்பளம் 18 லட்சம். அடிப்படைச் சம்பளம் மாதம் 60,000, வீட்டு வாடகைப் படி 30,000. நான் கொடுக்கும் வாடகை 25,000. வருங்கால வைப்பு நிதிக்கு என் பங்காக ஆண்டுக்கு 86,400 பிடிக்கிறார்கள். ஆயுள் காப்பீடு 24,000. மகளின் பள்ளிக் கட்டணம் 92,000. மருத்துவக் காப்பீடு எனக்கு 16,000, எழுபது வயதைத் தொடும் பெற்றோருக்கு 38,000. வீட்டுக் கடன் கிடையாது. ஏப்ரலில் பழைய முறை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். இப்போது ஆதாரங்களைக் கேட்கிறார்கள். இத்தனை கழிவுகள் இருக்கும்போது பழைய முறைதானே லாபம்?

பாளை சுந்தர்
சந்தேகமே வேண்டாம், பழைய முறைதான். எனக்கும் 18 லட்சம்தான், அடிப்படைச் சம்பளமும் வாடகைப் படியும்கூட உங்களுக்கு உள்ள அதே அளவு. பாளையங்கோட்டையில் கடன் வாங்கிக் கட்டிய வீட்டில் அப்பா அம்மா இருக்கிறார்கள், நான் இங்கே 32,000 வாடகையில் இருக்கிறேன். பழைய முறையில் எனக்கு வரி 1,13,984. புதிய முறையில் 1,50,800. ஏறக்குறைய 37,000 ரூபாயை யார் விடுவார்கள்? வாடகைப் படி வாங்குகிறவர்களுக்குப் புதிய முறை நட்டம்தான்.

கணக்குப்பிள்ளை
சுந்தர் சொன்ன இரண்டு தொகையும் சரி. ஆனால் அவருக்கு அந்த லாபத்தைத் தந்தது வாடகை மட்டும் இல்லை, வீட்டுக் கடன் வட்டியும்தான். அது கயலுக்கு இல்லை.

கயல், முதலில் உங்கள் கழிவுகளைக் கையில் இருக்கும் ரசீதுகளின்படி பார்ப்போம். வாடகைப் படியில் 3,60,000 முழுவதும் கழியாது. கொடுத்த வாடகை 3,00,000. அதிலிருந்து அடிப்படைச் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கான 72,000 போனால் 2,28,000. சென்னைக்கான வரம்பு அடிப்படைச் சம்பளத்தில் பாதி, அதாவது 3,60,000. இவற்றில் எது குறைவோ அதுதான் கழியும் என்பதால் உங்களுக்கு 2,28,000.

பள்ளிக் கட்டண ரசீதை எடுத்துப் பாருங்கள். 92,000 என்று ஒரே தொகையாக இருக்காது. கல்விக் கட்டணம் தனித் தொகையாக இருக்கும்; பேருந்து, புத்தகம், சீருடை எல்லாம் கீழே வரும். 80சி என்ற கழிவுப் பிரிவில் மேலே இருக்கும் அந்த ஒரு தொகைக்கு மட்டும்தான் இடம்.

கயல்
பார்த்துவிட்டேன். கல்விக் கட்டணம் 60,000. மற்றவை பேருந்தும் "செயல்பாடுகளும்". என்ன செயல்பாடுகள் என்று மகளுக்கும் தெரியவில்லை.

கணக்குப்பிள்ளை
அப்படியானால் வைப்பு நிதி, காப்பீடு, பள்ளி மூன்றும் சேர்ந்து 1,70,400. வரம்பு ஒன்றரை லட்சம், மீதி 20,400 வீண். மருத்துவக் காப்பீடு இரண்டும் சேர்த்து 54,000 முழுவதும் கழியும், பணமாகக் கட்டாமல் இருந்தால். தொழில் வரி 2,500. ஆக உங்கள் கழிவுகள் 4,34,500. இதோடு எல்லாருக்கும் கிடைக்கும் நிலையான கழிவு 50,000. வரிக்குரிய வருமானம் 13,15,500. செஸ் சேர்த்துப் பழைய முறையில் வரி 2,15,436.

புதிய முறையில் நிலையான கழிவு 75,000 மட்டும்தான், மேலே சொன்ன எதுவும் கிடையாது. 17,25,000 ரூபாய்க்கு வரி 1,45,000, செஸ்ஸோடு 1,50,800. நீங்கள் பழைய முறையிலேயே இருந்தால் 64,636 ரூபாய் கூடுதலாகக் கட்டுவீர்கள்.

சபாபதி (ஓய்வு)
பட்ஜெட்டில் 12 லட்சம் வரை வரியில்லை என்று சொன்னார்களே! 18 லட்சத்தில் 12 போக 6 லட்சத்துக்குத்தானே வரி? ஒன்றரை லட்சம் எப்படி வந்தது? கணக்கைத் திருத்துங்கள் ஐயா.

கணக்குப்பிள்ளை
ஐயா, அது எல்லாருக்கும் பொதுவான விலக்கு இல்லை. வரிக்குரிய வருமானம் 12 லட்சத்துக்குள் இருப்பவருக்குக் கணக்கில் வரும் வரியைத் தள்ளுபடி செய்கிறார்கள், அவ்வளவுதான். சம்பளக்காரருக்கு நிலையான கழிவோடு அது 12.75 லட்சம். அந்தக் கோட்டை ஒட்டித் தாண்டுகிறவர்களுக்குச் சிறிது நிவாரணம் உண்டு. 18 லட்சம் வாங்குகிறவருக்கு அந்தத் தள்ளுபடியே இல்லை, 4 லட்சத்துக்கு மேல் படிப்படியாக வரி உண்டு.

சபாபதி (ஓய்வு)
என் ஓய்வூதியம் 9 லட்சம். அப்போது எனக்கு வரி இல்லையா?

கணக்குப்பிள்ளை
வேறு வருமானம் எதுவும் இல்லையென்றால் புதிய முறையில் இல்லை. ஆனால் பங்கு விற்ற லாபம் ஏதாவது இருந்தால் தனியாகக் கேளுங்கள், அதற்கு விதி வேறு.

முகில்
கயல், எளிய வழி ஒன்று இருக்கிறது. கழிவுகள் 8 லட்சத்தைத் தாண்டினால் பழையது, இல்லையென்றால் புதியது. உங்களுக்கு 4.3 லட்சம்தான், அதனால் புதியது. விடாப்பிடியாகப் பழைய முறைதான் வேண்டும் என்றால் என்.பி.எஸ் என்ற தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் 50,000 போடுங்கள், வாடகை ரசீதைக் கொஞ்சம் கூட்டி 40,000 என்று வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர்கள் எழுதித் தருவார்கள். எங்கள் அலுவலகத்தில் பாதிப் பேர் இப்படித்தான்.

பாளை சுந்தர்
8 லட்சம் என்பது எல்லாருக்கும் பொருந்தாது. என் கழிவு 7,64,500தான், ஆனாலும் எனக்குப் பழைய முறையில்தான் லாபம்.

கணக்குப்பிள்ளை
சுந்தர் சொல்வது சரி. 8 லட்சம் என்பது மொத்தச் சம்பளம் 24.75 லட்சத்தைத் தொட்டவர்களுக்கும் அதற்கு மேல் இருப்பவர்களுக்கும் உரிய கோடு. சம்பளம் குறையக் குறையக் கோடும் நகரும். 18 லட்சத்தில், நிலையான கழிவு போக, ஏறத்தாழ 6,42,000. 15 லட்சத்தில் ஏறத்தாழ 5,44,000. முகில் எங்கோ படித்த விதி தவறில்லை, ஆள்தான் வேறு.

இனி அந்தப் போலி ரசீது. நேர்மை தெரியாதவருக்கு நேர்மையைச் சொல்லிப் பயனில்லை, கணக்கையே சொல்கிறேன். வாடகை 40,000 என்று எழுதினாலும் கழிவு 3,60,000க்கு மேல் போகாது, ஏனென்றால் கம்பெனி தரும் படியே அவ்வளவுதான். அப்போதும் மொத்தக் கழிவு 5,66,500. கோடு 6,42,000. பொய் சொல்லியும் புதிய முறையை எட்ட முடியவில்லை. இதற்காக வீட்டுக்காரரின் பான் எண்ணைக் கொடுத்து, அவர் கணக்கில் வராத வாடகையை உங்கள் கணக்கில் காட்டி, ஒருநாள் நோட்டீஸ் வாங்க வேண்டுமா?

என்.பி.எஸ் ஐம்பதாயிரமும் அதே கதைதான். போட்டால் 15,600 மிச்சம் என்று விளம்பரம் சொல்லும். அது பழைய முறைக்குள் மட்டும் பார்க்கும் மிச்சம். அதைப் போட்ட பிறகும் நீங்கள் புதிய முறையைவிட 49,036 அதிகம் கட்டுகிறீர்கள். கழிவுக்காகப் பணம் போடுகிற பலர் தவறுவது இந்த இடத்தில்தான். கோட்டைத் தாண்டும்வரை போடுகிற ஒவ்வொரு ரூபாயும் இடைவெளியைக் குறைக்கிறதே தவிர லாபம் எதையும் தருவதில்லை.

முகில்
ரசீது விஷயம் பொதுவாகச் சொன்னது. எல்லாரும் செய்கிறார்கள் என்பதுதான் உண்மை. ஆனால் 3,60,000 வரம்பை நான் யோசிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன்.

பாளை சுந்தர்
கணக்கு எல்லாம் சரி. ஆனால் ஒன்று சொல்கிறேன். பழைய முறை இல்லையென்றால் நான் ஒரு பைசாகூடச் சேர்த்திருக்க மாட்டேன். மார்ச் மாதம் வரும் பயத்தில்தான் காப்பீடும் வைப்பும் நடந்தன. புதிய முறைக்குப் போன என் நண்பர்கள் மிச்சமான வரியைப் புதுக் கைப்பேசியில் போட்டார்கள்.

கணக்குப்பிள்ளை
அது உங்கள் சுபாவம் பற்றிய வாதம். கயல் ஏற்கெனவே வைப்பு நிதியும் காப்பீடும் வைத்திருக்கிறார், எந்த முறையிலும் அவை தொடரும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. உங்கள் கடன் வட்டி ஆண்டுக்கு ஆண்டு குறையும். வட்டி இரண்டு லட்சத்துக்குக் கீழே இறங்கும் ஆண்டிலிருந்து கணக்கை மறுபடி போடுங்கள். வட்டி 80,000க்கு வந்துவிட்டால் உங்கள் கழிவு 6,44,500. கோட்டில் நின்றுகொண்டிருப்பீர்கள்.

பாளை சுந்தர்
அதற்கு இன்னும் ஒன்பது ஆண்டு இருக்கிறது. அதற்குள் சட்டத்தை எத்தனை முறை மாற்றுவார்களோ.

கயல்
64,000 என்பது எனக்குச் சிறிய தொகை இல்லை. புதிய முறைக்கு மாற்றச் சொல்லிச் சம்பளப் பிரிவுக்கு எழுதினேன். ஆண்டின் நடுவே மாற்ற முடியாது என்கிறார்கள். அப்படியானால் ஆதாரங்களைத் தர வேண்டாம் அல்லவா? எப்படியும் புதிய முறைதானே, ரசீதுகளை ஸ்கேன் செய்யும் வேலையாவது மிச்சம்.

கணக்குப்பிள்ளை
ஐயையோ, அதைச் செய்துவிடாதீர்கள். உங்கள் கம்பெனியின் கணக்கில் நீங்கள் மார்ச் வரை பழைய முறை. ஆதாரம் வராவிட்டால் வாடகை, காப்பீடு, பள்ளிக் கட்டணம் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, முழு ஆண்டுக்கும் சேர வேண்டிய வரியைக் கடைசி மூன்று சம்பளத்தில் பிடிப்பார்கள். மார்ச் சம்பளத்தைப் பார்த்து அழுவீர்கள். எல்லா ஆதாரங்களையும் கொடுங்கள், பிடிப்பு 2,15,436 அளவில் நிற்கட்டும்.

பிறகு வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது புதிய முறையைத் தேர்ந்தெடுங்கள். தொழில் வருமானம் இல்லாத சம்பளக்காரருக்கு ஒவ்வோர் ஆண்டும் அந்த உரிமை உண்டு, தாக்கலில் வரும் தேர்வுதான் இறுதி. கூடுதலாகப் பிடித்தது திரும்பி வரும். படிவம் 16 பழைய முறையைக் காட்டுகிறதே என்று பதற வேண்டாம், ஆனால் அதில் இருக்கும் தொகைகளை அப்படியே நகலெடுக்காதீர்கள். வாடகைப் படி விலக்கை நீக்கி, நிலையான கழிவை 75,000 ஆக்கிப் பாருங்கள்.

சுந்தருக்கும் ஒன்று. உங்களைப் போலப் பழைய முறையை விரும்புகிறவர்தான் தேதியைப் பார்க்க வேண்டும். கெடு தேதி தாண்டித் தாக்கல் செய்தால் பழைய முறை கிடைக்காது, புதியதுதான்.

முகில்
அப்படியென்றால் அறுபத்து நான்காயிரத்தை வட்டியில்லாமல் அரசாங்கத்துக்கு ஆறு மாதம் கடன் கொடுக்கிறார் கயல்.

கயல்
ஏப்ரலில் யோசிக்காமல் எழுதிக் கொடுத்ததற்கு அபராதம் என்று வைத்துக்கொள்கிறேன். ஆனால் வரும் ஏப்ரலுக்கு ஒரு கேள்வி. கம்பெனியே அடிப்படைச் சம்பளத்தில் 14 சதவீதம் வரை என்.பி.எஸ்ஸில் போட்டால் புதிய முறையிலும் கழியும் என்று தோழி சொல்கிறாள். எனக்கு அது 1,00,800. உண்மையா?

கணக்குப்பிள்ளை
உண்மை. வரி 1,29,834 ஆகும், ஏறத்தாழ 21,000 மிச்சம். ஆனால் அந்தப் பணம் உங்கள் மொத்தச் சம்பளத்துக்குள்ளிருந்துதான் போகும், கைக்கு வருவது மாதம் 6,500க்கு மேல் குறையும்.

பாளை சுந்தர்
அறுபது வயது வரை பூட்டிய பெட்டி அது. மகள் கல்லூரிக்குப் போகும்போது பெட்டியைத் திறக்கக் கேட்டால் என்ன செய்வீர்கள்?

கணக்குப்பிள்ளை
பிள்ளைகளின் மேற்படிப்புக்குக் குறிப்பிட்ட அளவு எடுக்க வழி உண்டு. ஆனால் அந்த வழி உங்கள் சொந்தப் பங்களிப்புக்குத்தான், கம்பெனி போட்டதற்கு இல்லை. அதனால் சுந்தரின் பயத்தை நான் தள்ளிவிட மாட்டேன்.

கயல்
மகளுக்கு இப்போது ஒன்பது வயது. இன்றிரவு கணவரோடு உட்கார்ந்து பார்க்கிறேன். முதலில் அந்தப் பள்ளி ரசீதை ஸ்கேன் செய்ய வேண்டும்.