இரவிலும் நிற்காத சோலார் ஹீட்டர் பம்ப்: கலெக்டர் சென்சார் பொய் சொல்கிறதா?

மாடிவீடு (திருவான்மியூர்): மொட்டைமாடியில் தட்டைக் கலெக்டர், கீழே 300 லிட்டர் டேங்க். வித்தியாசம் 8 டிகிரி வந்தால் பம்ப் ஆன், 4க்கு இறங்கினால் ஆஃப். இரண்டு சென்சாரும் PT1000. ஒரு வாரமாக இரவு 9 மணிக்கும் பம்ப் ஓடுகிறது. திரையில் T1 (கலெக்டர்) 57, T2 (டேங்க் அடி) 48. காலையில் வெறும் வெதுவெதுப்புதான்.

வேளச்சேரி வாசி: ஆனை 15 ஆகவும் ஆஃபை 10 ஆகவும் மாத்துங்க சார், ராத்திரி ஓடாது.

மீட்டர் கை: ஓடாதுதான். ஆனா அது பிழையை மறைக்கிற வேலை. வெயில் இல்லாதப்போ கலெக்டருக்குள்ள சுத்துறது டேங்க் தண்ணியேதான். அது டேங்கைவிட 9 டிகிரி சூடா இருக்க வழியே இல்லை. T1 தப்பு. PT1000ல தடை கூடினா டிகிரியும் கூடும்: 30 டிகிரியில 1117 ஓம் இருக்கணும், அதுக்கு மேல கிட்டத்தட்ட 3.85 ஓமுக்கு ஒரு டிகிரி. கரன்ட்டை நிறுத்திட்டு, சென்சாரை பக்கெட் தண்ணியில தெர்மாமீட்டரோட வைங்க. வயரைக் கண்ட்ரோலர்ல கழட்டி அங்கே ஒரு தரம் அளங்க. அப்புறம் மாடியில ஜாயின்ட்டைப் பிரிச்சு, சென்சார் முனையில ஒரு தரம்.

மாடிவீடு: பக்கெட் 30 டிகிரி. கீழே 1154, மேலே 1117. வயர் 20 மீட்டர், 0.5 சதுர மி.மீ.

மீட்டர் கை: 37 ஓம் கூடுதல், அதாவது ஒன்பதரை டிகிரி. போக வர 40 மீட்டர் செம்புக்கு ஒன்றரை ஓம்தான். மிச்சமெல்லாம் ஜாயின்ட். முறுக்கி டேப் சுத்தியிருப்பாங்க, கடல் காத்துக்கு உள்ளே பச்சை பூத்திருக்கும். கம்பி பளபளன்னு வர்ற வரை வெட்டி, சால்டர் வெச்சு, பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் போடுங்க. செட்டிங்கை மாத்தியே சமாளிச்சிருந்தா, பச்சை ஏற ஏற மறுபடி ராத்திரியில ஓட ஆரம்பிக்கும்.

அடையார் பக்கம்: எங்க வீட்டுல 10k NTC. பகல்லேயே பம்ப் ஓடலை. அதே ஜாயின்ட்தானே அண்ணா?

மீட்டர் கை: இல்லங்க. NTCயில கூடுதல் தடை குறைவாக் காட்டும், திசை நேரெதிர். ஆனா 80 டிகிரியில அதோட தடை சுமார் 1250 ஓம், டிகிரிக்கு 40 ஓம் மாறும். இந்த 37 ஓம் ஒரு டிகிரிகூட இல்லை. முதல்ல சென்சார் பாக்கெட்டை விட்டு நழுவி வெளியே தொங்குதான்னு பாருங்க.

மாடிவீடு: சால்டர் வைத்தாயிற்று. பம்ப் மாலை 5:20க்கு நின்றது. ஆனால் இரவு 2 மணிக்கு, பம்ப் நின்றிருக்கும்போதே, T1 41 காட்டுகிறது. வெளியே 27தான்.

வேளச்சேரி வாசி: நான்-ரிட்டர்ன் வால்வ் சரியா மூடலை போல. டேங்க் கீழே இருக்கறதால சூடு தானா மேலே ஏறுது.

மீட்டர் கை: அப்படித்தான் தோணுது. வால்வுக்கு மேலே உள்ள பைப்பை அந்த நேரத்துல தொட்டுப் பாருங்க. சூடா இருந்தா வால்வைக் கழட்டி உப்பு படிஞ்சிருக்கான்னு பாக்கணும். ஆறியிருந்தா, வேற இடத்துலதான் தேடணும்.