மிஞ்சின சாதத்தில் ஃப்ரைடு ரைஸ்: இன்றிரவு விருந்தாளிகள், அளவு சொல்லுங்களேன்

புதுவீடு: வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. கூட வேலை பார்க்கிறவர்கள் இன்றிரவு சாப்பிட வருகிறார்கள். நேற்று வைத்த சாதம் நிறைய மிஞ்சியிருக்கிறது. அதிலேயே ஃப்ரைடு ரைஸ் செய்துவிடலாமா? காய், சாஸ் எவ்வளவு போடுவது? போன வாரம் செய்தது கூழாகி, உப்புக் கரித்தது. மறுபடி அப்படி ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

இரவுப்பணி: முதலில் அடுப்படி ஜன்னலைத் திறந்து வையுங்கள். நான் வந்த புதிதில் எண்ணெய் புகைந்து அலாரம் அடித்து, மொத்தக் கட்டடமும் குளிரில் கீழே இறங்கி நின்றது. நான்கு மாதம் வெறும் ரொட்டிதான் சாப்பிட்டேன்.

மிளகுத்தூள்: சாதம் எவ்வளவு பழையதோ அவ்வளவு நல்லது. ஃப்ரிட்ஜில் இருந்தால் சோறு இறுகிப் பருக்கை தனித்தனியாக நிற்கும். சோயா சாஸ் ஆளுக்கு 2 டேபிள்ஸ்பூன் தாராளமாக ஊற்றுங்கள், நிறம் வரும்.

அடுப்படி அக்கா: இறுகும் என்பது சரி, பழையது என்பதற்கு ஓர் எல்லை இருக்கிறது. 2 டேபிள்ஸ்பூன் ஊற்றினால் வாயில் வைக்க முடியாது தம்பி. போன வாரம் இவருக்குக் கரித்ததும் அதனால்தான் இருக்கும். நிறம் வேண்டுமென்றால் டார்க் சோயா சில சொட்டு போதும். புதுவீடு, நீங்கள் மூன்று விஷயம் சொல்லவே இல்லை. எத்தனை பேர்? சாதம் இரவு எங்கே இருந்தது? அதில் உப்பு போட்டீர்களா?

இரவுப்பணி: இங்கே வாடகை வீட்டு அடுப்பில் எதுவும் சூடேறாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மின்சாரத் தகடு, சாதத்தைக் கொட்டியதும் ஆறிப்போகிறது.

மிளகுத்தூள்: எங்கள் வீட்டிலும் அதே கதைதான். வீட்டுக்காரரிடம் மூன்று முறை எழுதியும் பதில் இல்லை.

புதுவீடு: என்னையும் சேர்த்து 5 பேர். ஃப்ரிட்ஜில் டப்பாவில் 4 கப் சாதம் இருக்கிறது, சாப்பிட்டதுமே எடுத்து வைத்தேன். இன்னும் 3 கப் போல குக்கரிலேயே இருக்கிறது, ராத்திரி சுவிட்சை அணைத்துவிட்டேன். உப்பு போட்டுத்தான் வைத்தேன்.

அடுப்படி அக்கா: குக்கரில் இருப்பதைக் கொட்டிவிடுங்கள் அம்மா. மனசு கேட்காது, எனக்கும் தெரியும். வேகவைத்த பிறகும் சாதத்தில் சில கிருமிகளின் வித்து பிழைத்திருக்கும். அறைச் சூட்டில் இரவு முழுக்க இருந்தால் அவை பெருகி நஞ்சு உண்டாக்கும், அந்த நஞ்சு திரும்ப வதக்கினாலும் போகாது. வாடையை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது.

மிளகுத்தூள்: நான் ஃப்ரிட்ஜ் சாதத்தை மூன்று நாள் வைத்துச் சாப்பிடுகிறேன், ஒன்றும் ஆனதில்லை.

அடுப்படி அக்கா: மூன்று நான்கு நாள் வரை என்பவர்களும் உண்டு, ஒரே நாள் என்பவர்களும் உண்டு. நான் ஒரு நாள்தான். சரி, கணக்குக்கு வருவோம். ஃப்ரைடு ரைஸ் மட்டுமே சாப்பாடு என்றால் ஆளுக்கு ஒன்றரை கப் சாதம், 5 பேருக்கு ஏழரை கப். உங்களிடம் 4 இருக்கிறது. இப்போதே ஒண்ணேகால் கப் அரிசியை உப்பில்லாமல், தண்ணீர் கொஞ்சம் குறைத்து வையுங்கள், மூன்று மடங்காகும். வெந்ததும் அகலத் தட்டில் மெல்லிசாகப் பரப்புங்கள். ஆவி அடங்கியதும் ஃப்ரிட்ஜுக்குள் போகட்டும்.

காய், நறுக்கிய அளவில் சாதத்தில் பாதி, அதாவது 4 கப்புக்குச் சற்றுக் குறைவாக. கேரட்டும் பீன்ஸும் அதிகமாக, முட்டைகோஸ் குறைவாக. கோஸ் தண்ணீர் விடும்.

சோயா சாஸ் சாதாரணமாக ஆளுக்கு 2 டீஸ்பூன். உங்கள் சாதத்தில் பாதி உப்பு போட்டது என்பதால் ஒன்றரை போதும், மொத்தம் ஏழரை டீஸ்பூன். தனியாக உப்பு வேண்டாம், ருசி பார்த்துவிட்டுப் பிறகு சேருங்கள்.

கூழானதற்குக் காரணம் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டியதாக இருக்கும். மூன்று தடவையாகச் செய்யுங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டரை கப் சாதம், இரண்டரை டீஸ்பூன் சாஸ். கட்டியை ஈரக்கையால் முன்பே உதிர்த்துவிடுங்கள். காயை வதக்கி எடுத்து வைத்துவிட்டு, எண்ணெய் விட்டுச் சாதத்தைப் பரப்பி ஒரு நிமிடம் கிளறாமல் விடுங்கள். பருக்கை சட்டியில் துள்ளி, சடசட என்று சத்தம் வரும். அந்தச் சத்தம் அடங்கி ஆவி மட்டும் வந்தால் சாதம் வேகிறது, வதங்கவில்லை என்று அர்த்தம், பாதியை எடுத்துவிடுங்கள். சாஸைச் சாதத்தின் மேல் ஊற்றாமல் சட்டியின் ஓரத்தில் சுற்றி விடுங்கள். கடைசியில் காயைச் சேர்த்துப் பிரட்டினால் போதும்.

இரவுப்பணி: மின்சாரத் தகட்டில் ஒவ்வொரு தடவைக்கும் நடுவே வெறும் சட்டியை இரண்டு நிமிடம் காய விடுங்கள். அதுதான் எனக்குக் கைகொடுத்தது.

புதுவீடு: அரிசி வைத்துவிட்டேன் அக்கா. ஃப்ரோசன் பட்டாணி ஒரு பை இருக்கிறது, அப்படியே போடலாமா?

அடுப்படி அக்கா: ஐஸோடு போடாதீர்கள், சட்டி ஆறிவிடும். வெந்நீரில் அலசி, துணியில் ஒற்றி எடுத்துக் காயோடு வதக்குங்கள்.