ஸ்பான்சர் முன்னுரிமையை மாற்றிவிட்டார், டீமுக்கு மெசேஜ் எப்படி எழுதுவது? அவசரம்

கோவை_ராஜேஷ் · 7 ஆகஸ்ட் 2025, மதியம் 3:10

நண்பர்களே, ஸ்பான்சர் நேற்று கூப்பிட்டு முன்னுரிமையை மாற்றிவிட்டார். ஸ்கோப் மாறுகிறது, மைல்ஸ்டோன்கள் தள்ளிப் போகின்றன. இன்று மாலைக்குள் டீமுக்குச் சொல்லியாக வேண்டும். எழுதி வைத்திருப்பது இது:

> டீம், ஸ்பான்சரின் முன்னுரிமை மாறியுள்ளதால் புராஜெக்டின் ஸ்கோப் திருத்தப்பட்டுள்ளது. திருத்திய மைல்ஸ்டோன்கள் இணைப்பில் உள்ளன. அனைவரும் முழு ஒத்துழைப்பு தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

சரியா? கொஞ்சம் மென்மையாக்க வேண்டுமா?

தறிநூல் · 3:22

என்ன புராஜெக்ட், எது உள்ளே வந்தது, எது வெளியே போனது, டீமில் எத்தனை பேர்? ஒன்றுமே சொல்லவில்லையே. இணைப்பில் இருப்பதையாவது இங்கே போடுங்கள்.

பழைய_சிவா · 3:31

எனக்கும் போன வருடம் இதே கதை. ஸ்கோப்பை மாற்றினார்கள், ஆனால் கூடுதல் பணம் தர மறுத்துவிட்டார்கள். முதல் வரியிலேயே 'கூடுதல் வேலைக்குத் தனி மதிப்பீடு அனுப்புகிறோம்' என்று போட்டுவிடுங்கள் சார். அதற்குப் பிறகு நன்றி, வணக்கம் எல்லாம்.

தறிநூல் · 3:34

சிவா சார், அவர் கேட்பது டீமுக்குப் போகும் மெசேஜ். கிளையண்டுக்கு இல்லை.

பிஎம்_குரு · 3:40

வாரத்துக்கு ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார். பழைய இழைகளைத் தேடிப் படிக்க யாருக்கும் பொறுமை இல்லை. சேஞ்ச் ரிக்வெஸ்டில் கையெழுத்து வாங்காமல் டீமிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. இது அடிப்படை. போனில் சொன்னதை நம்பி வேலையைத் திருப்பிவிட்டால், 'நான் எப்போது சொன்னேன்' என்று அவர் கேட்கும்போது கையில் காட்ட ஒன்றும் இருக்காது.

கோவை_ராஜேஷ் · 3:58

மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுப்போனது. கிளையண்ட் வெட் கிரைண்டர் தயாரிப்பவர், ஆண்டு விற்றுமுதல் 10 கோடிக்கு மேல். டீலர் ஆப் செய்துகொண்டிருக்கிறோம். ஆர்டர் எடுப்பது முடிந்து ஓடுகிறது. இப்போது டீலர் ஸ்கீம் கணக்கு, அதாவது இத்தனை பெட்டி எடுத்தால் இத்தனை தள்ளுபடி என்கிற பகுதி, பாதிக்கு மேல் ஆகிவிட்டது. ஸ்பான்சர் அவர்களுடைய நிதித் தலைவர். ஸ்கீமை ஓரமாக வையுங்கள், ஈ-இன்வாய்ஸை முதலில் தானியங்கி ஆக்குங்கள் என்கிறார். கிளைகளிலிருந்து பில் தாமதமாக வந்து, சிலவற்றுக்கு 30 நாள் தாண்டிவிட்டதாம். டீமில் டெவலப்பர் நால்வர், டெஸ்டர் ஒருவர்.

என் திட்டம்: ஈ-இன்வாய்ஸ் சேண்ட்பாக்ஸில் செப்டம்பர் 5, நேரலை அக்டோபர் 1, ஸ்கீம் நேரலை அக்டோபர் 31.

ஸ்க்ரம்_தம்பி · 4:05

ப்ரோ, மெசேஜே தேவையில்லை. பேக்லாக்கில் ஈ-இன்வாய்ஸை மேலே இழுத்துப் போட்டு, அடுத்த ஸ்பிரிண்ட் பிளானிங்கில் பேசினால் முடிந்தது. மைல்ஸ்டோன் என்பதே பழைய சிந்தனை.

மீனாட்சி_டெலிவரி · 4:26

தம்பி, ஸ்பிரிண்ட் நடுவில் இருப்பவர் நாளை காலை ஸ்கீம் கோடைத் திறப்பதா வேண்டாமா என்பதற்கு பேக்லாக் பதில் சொல்லாது. வரிசையை மாற்ற அது போதும், கையில் இருக்கும் வேலையை நிறுத்த வாயால் சொல்லியாக வேண்டும்.

ராஜேஷ், உங்கள் மெசேஜில் மென்மைக்குக் குறைவில்லை, தகவல்தான் இல்லை. அதைப் படித்ததும் ஐந்து பேரும் உங்களுக்குத் தனித்தனியாகப் போன் போடுவார்கள். ஸ்கீமை எழுதிக்கொண்டிருப்பவர் கேட்கப்போவது ஒன்றுதான்: என் வேலை குப்பைக்குப் போகிறதா, தள்ளிவைக்கப்படுகிறதா? அதை நேராகச் சொல்லுங்கள். தள்ளிவைப்பு என்றால் எந்த நிலையில் நிறுத்த வேண்டும் என்பதும் வேண்டும். பாதிக் கோடை ப்ராஞ்சில் அப்படியே விட்டால், இரண்டு மாதம் கழித்து மெர்ஜ் செய்ய வரும்போது பில்லிங் பகுதி ஆளே அடையாளம் தெரியாமல் மாறியிருக்கும். இரண்டு நாள் கொடுத்து, ஓடுகிற நிலைக்குக் கொண்டுவந்து, ஸ்விட்சை அணைத்து வைத்து மெர்ஜ் செய்யச் சொல்லுங்கள். அந்த இரண்டு நாளும் திட்டத்தில் தெரிய வேண்டும்.

அப்புறம் காரணம். 'முன்னுரிமை மாறியது' என்று எழுதினால் யாரோ மேலே மனம் மாறினார் என்றுதான் படுகிறது. 10 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு, பில் தேதியிலிருந்து 30 நாளைக்குள் அரசின் ஈ-இன்வாய்ஸ் போர்ட்டலில் ஏற்றாவிட்டால் அது ஏற்கப்படாது என்ற கட்டுப்பாடு 2025 ஏப்ரல் 1 முதல் வந்திருக்கிறது. ஏற்காத பில்லுக்கு ஐஆர்என் என்ற பதிவு எண் கிடையாது, வாங்கிய டீலருக்கு உள்ளீட்டு வரி வரவு எடுப்பதில் சிக்கல். இதை இரண்டு வரியில் சொல்லிவிட்டால் அவசரம் ஏன் என்று யாரும் முணுமுணுக்க மாட்டார்கள்.

ராணி_டெஸ்டிங் · 4:41

தேதிகளைக் காலண்டரோடு வைத்துப் பார்த்தீர்களா சார்? செப்டம்பர் 5 மீலாது நபி விடுமுறை. அக்டோபர் 1 ஆயுத பூஜை. அன்றைக்குக் கிளைகளில் பில் போடும் கம்ப்யூட்டருக்கே சந்தனம் குங்குமம் வைத்து மூடியிருப்பார்கள், மறுநாள் காந்தி ஜெயந்தி. நேரலையில் ஒரு பில் அடைத்துக்கொண்டால் எடுத்துப் பேச ஆள் இருக்காது.

இரண்டாவது, டெஸ்டர் ஒருவர்தான். ஈ-இன்வாய்ஸ் டெஸ்ட் என்பது பட்டனைத் தட்டி ஐஆர்என் வருகிறதா என்று பார்ப்பது மட்டும் இல்லை. டீலர் முகவரியின் பின்கோடும் மாநிலக் குறியீடும் பொருந்தாவிட்டால் போர்ட்டல் பிழை காட்டித் திருப்பி அனுப்பும். பழைய டீலர் பட்டியலில் இது நிறைய இருக்கும். போன மாதப் பில்களில் ஒரு 50 எடுத்து சேண்ட்பாக்ஸுக்கு அனுப்பிப் பாருங்கள், எத்தனை திரும்பி வருகிறது என்று பார்த்தாலே பட்டியலின் லட்சணம் தெரிந்துவிடும். அதைச் சுத்தம் செய்வது கிளையண்ட் வேலை. உங்கள் திட்டத்தில் அது யார் பெயரிலும் இல்லை.

தறிநூல் · 4:50

இன்னொன்று. தீபாவளி அக்டோபர் 20. கிரைண்டர் டீலருக்கு ஸ்கீம் வேண்டியது தீபாவளிக்கு முன்னால். 31க்குத் தள்ளினால் விற்பனைப் பிரிவு சும்மா இருக்குமா? நிதித் தலைவர் சொன்னது அவர்கள் காதுக்குப் போயிருக்கிறதா?

மீனாட்சி_டெலிவரி · 4:58

நல்ல கேள்வி. இன்னும் ஒரு சிக்கல்: தள்ளுபடியை விற்ற பிறகு கிரெடிட் நோட்டாகக் கொடுக்கிறார்களா? அப்படியானால் அந்தக் கிரெடிட் நோட்டுக்கும் ஐஆர்என் வேண்டும், 30 நாள் கணக்கு அதற்கும் உண்டு. அப்போது ஸ்கீமை முழுவதுமாக ஓரமாக வைக்க முடியாது.

ஸ்க்ரம்_தம்பி · 5:03

கிரெடிட் நோட்டுக்கு ஈ-இன்வாய்ஸ் எதற்கு? பெயரே இன்வாய்ஸ்தானே. எங்கள் கிளையண்ட் ஒருவர் போடுவதே இல்லை, ஒரு பிரச்சினையும் வந்ததில்லை.

மீனாட்சி_டெலிவரி · 5:09

அவர் ஜிஎஸ்டியைக் குறைக்காமல் வெறும் வணிகக் கிரெடிட் நோட்டு கொடுப்பவராக இருப்பார். அதற்குத் தேவையில்லைதான். வரியையும் சேர்த்துக் குறைத்தால் தேவை.

பிஎம்_குரு · 5:12

மெசேஜ் எழுதக் கேட்டால் வரி வகுப்பு நடக்கிறது. நான் சொன்ன கையெழுத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

மீனாட்சி_டெலிவரி · 5:19

குரு சார் சொல்வதில் பாதி சரி. எழுத்தில் வேண்டும். ஆனால் கையெழுத்துக்கு ஒரு வாரம் ஆனால், அந்த வாரம் முழுக்க நான்கு பேர் தள்ளிவைத்த வேலையைத்தானே செய்துகொண்டிருப்பார்கள்? ஸ்பான்சருக்கு இன்றே ஒரு மெயில் போட்டு, 'நேற்று பேசியபடி இதை நிறுத்துகிறோம், இதைத் தொடங்குகிறோம்' என்று எழுதி 'சரி' என்ற பதிலை வாங்குங்கள். பிறகு டீம் மெசேஜ். சேஞ்ச் ரிக்வெஸ்ட் பின்னால் வரட்டும்.

பிஎம்_குரு · 5:24

ஒப்பந்தம் நிலைத் தொகையா, மாதக் கணக்கா என்று தெரியாமல் இப்படி அறிவுரை சொல்வது ஆபத்து. நிலைத் தொகை என்றால் அந்த ஒரு வாரம் சும்மா உட்கார்ந்தாலும் பரவாயில்லை என்பேன்.

பழைய_சிவா · 5:27

அதைத்தானே நான் முதலிலேயே சொன்னேன். பணம்.

மீனாட்சி_டெலிவரி · 5:48

ராஜேஷ், இதை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். தேதிகள் என் ஊகம், டெஸ்டரோடு உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போடுங்கள்.

> டீம், நாளை (ஆகஸ்ட் 8) முதல் வேலை வரிசை மாறுகிறது. ஈ-இன்வாய்ஸ் முதலில், டீலர் ஸ்கீம் பிறகு. சில கிளைப் பில்கள் 30 நாள் தாண்டிப் போனதால் நிதித் தலைவர் எடுத்த முடிவு இது.
>
> ஸ்கீம் கைவிடப்படவில்லை. அதில் இருப்பவர்கள் திங்கள், செவ்வாய் (11, 12) இரண்டு நாளில் ஓடுகிற நிலைக்குக் கொண்டுவந்து, ஸ்விட்ச் அணைத்த நிலையில் மெர்ஜ் செய்யுங்கள். புதிதாக எதையும் தொடங்க வேண்டாம். ஆர்டர் பகுதியில் வரும் பிழைகளை வழக்கம்போலப் பார்க்கிறோம்.
>
> சேண்ட்பாக்ஸ் டெஸ்ட் முடிவு: செப்டம்பர் 12. நேரலை: நாம் முதலில் திட்டமிட்டது அக்டோபர் 1, விடுமுறைகளால் ஸ்பான்சரிடம் கேட்டிருப்பது அக்டோபர் 6. பதில் வரும்வரை எந்தத் தேதியையும் கிளையண்ட் ஆட்களிடம் சொல்ல வேண்டாம். ஸ்கீம் நேரலை முன்பு செப்டம்பர் 29, இப்போது தேதி இல்லை.
>
> முடிவாகாதவை இரண்டு: கிரெடிட் நோட்டு இந்த ஸ்கோப்பில் உண்டா, டீலர் பட்டியலை கிளையண்டில் யார் சுத்தம் செய்வது. இரண்டுக்கும் ஆகஸ்ட் 13க்குள் பதில் சொல்கிறேன். நாளை காலை 10 மணிக்கு அரை மணி நேரம் பேசுவோம், தேதிகளில் நம்பிக்கை இல்லாதவர்கள் அங்கேயே சொல்லுங்கள்.

பழைய ஸ்கீம் தேதியை ஊகித்து எழுதியிருக்கிறேன், உங்களுடையதைப் போட்டுக்கொள்ளுங்கள். பழைய தேதி பக்கத்தில் இல்லாவிட்டால் எவ்வளவு தள்ளிப்போனது என்று தெரியாமல் ஆளாளுக்குக் கணக்குப் போடுவார்கள். ஸ்கீமுக்கு அக்டோபர் 31 என்று இப்போதே எழுத வேண்டாம். கிரெடிட் நோட்டு பதில் வராமல் அந்தத் தேதிக்கு அடிப்படை இல்லை.

ஸ்க்ரம்_தம்பி · 5:55

'தேதி இல்லை' என்று எழுதினால் டீம் பயந்துவிடாதா அக்கா?

ராணி_டெஸ்டிங் · 6:02

எழுதிய தேதி மூன்று தடவை மாறினால்தான் தம்பி பயம் வரும்.

கோவை_ராஜேஷ் · 8 ஆகஸ்ட், காலை 11:35

நேற்று இரவு ஸ்பான்சரிடம் மெயிலில் 'ஓகே' வாங்கி, மெசேஜைக் கொஞ்சம் சுருக்கிப் போட்டுவிட்டேன். பழைய ஸ்கீம் தேதி செப்டம்பர் 22. தள்ளுபடி கிரெடிட் நோட்டில்தான் போகிறதாம், வரி சேர்த்தா என்பதை அவர்கள் ஆடிட்டர் திங்களன்று சொல்வார். விற்பனை மேலாளருக்கு விஷயமே தெரியாது, இப்போதுதான் போன் வந்தது. மீட்டிங்குக்கு ஓடுகிறேன், நன்றி.

பிஎம்_குரு · 11:50

'ஓகே' என்ற ஒற்றை வார்த்தை மெயிலா? எதற்கு ஓகே என்று அதே இழையில் இருக்கிறதா?

தறிநூல் · 9 ஆகஸ்ட், இரவு 9:14

ராஜேஷ், விற்பனை மேலாளர் என்ன சொன்னார்? தீபாவளிக்கு ஸ்கீமை எக்செலில் ஓட்டுவதாக முடிவா?