தமிழ்ச்செல்விக்கு வந்த பணம் ஷார்ஜாவுக்கே திரும்பிப் போனது

திருத்துறைப்பூண்டி பக்கத்திலிருந்து

என் வீட்டுக்காரர் ஷார்ஜாவில் எலெக்ட்ரீஷியன். மேட்டூர் தண்ணீர் வந்து குறுவை நடவுக்கு ஆள் விட்டிருந்தோம். கூலிக்காக எக்ஸ்சேஞ்சில் 2,000 திர்ஹாம் கட்டினார். அவர் ஆப்பில் ‘வங்கிக்கு அனுப்பப்பட்டது’ என்று காட்டியது, என் கணக்கில் ஒன்றும் ஏறவில்லை. அப்புறம்தான் மெசேஜ் வந்தது: பெயர் பொருந்தவில்லை, பணம் ரிட்டர்ன்.

அவர் கொடுத்து வைத்த பெயர் TAMILSELVI KALIYAPERUMAL. பாஸ்புக்கில் இருப்பது R THAMIZHSELVI. கல்யாணத்துக்கு முன்பு நூறு நாள் வேலைக்காகத் தொடங்கிய கணக்கு, அதனால் அப்பா இனிஷியல். இத்தனை நாளும் அதே பெயருக்குத்தான் பணம் வந்தது. மறுபடி கட்டும்போது ரேட் பத்துப் பைசா இறங்கியிருந்தது. 200 ரூபாய் போச்சு, கமிஷனும் இரண்டு தடவை. வேறு யாருக்காவது இப்படி ஆனதா?

மன்னார்குடியிலிருந்து

அக்கா, பெயரெல்லாம் சும்மா. கணக்கு எண் சரியாக இருந்தால் பணத்தை ஏற்றித்தான் ஆகவேண்டும், ரிசர்வ் வங்கி 2010-லேயே சொல்லிவிட்டது. மேனேஜரிடம் நன்றாகச் சத்தம் போடுங்கள்.

கூத்தாநல்லூரிலிருந்து

தம்பி சொல்வது பாதி சரி. உள்ளூர் நெஃப்ட் கணக்கு எண்ணை வைத்துத்தான் ஏறும். ஆனால் எக்ஸ்சேஞ்ச் பணம் நேராக உங்கள் கிளைக்கு வருவதில்லை. எக்ஸ்சேஞ்சுக்கு இந்தியாவில் ஒரு கூட்டாளி வங்கி இருக்கும், முதலில் அங்கே வந்து, அங்கிருந்து உங்கள் வங்கிக்குப் போகும். வெளிநாட்டுப் பணம் என்பதால் இடையில் பெயரையும் பார்ப்பார்கள். நான் துபாயில் கவுண்டரில் இருந்தவன், இந்த ரிட்டர்ன் வராத வாரமே கிடையாது.

இதில் ழகரத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. TAMIL, THAMIZH மாதிரி எழுத்து வித்தியாசத்தைப் பல இடத்தில் விட்டுவிடுவார்கள். மாட்டிக்கொள்வது பின்னால் வரும் பெயரில்தான். கணக்கில் R, ரசீதில் KALIYAPERUMAL என்றால் பார்க்கிறவருக்கு வேறு ஆள் மாதிரிதானே தெரியும்? நம் ஆம்பிளைகள் மனைவி பெயருக்குப் பின்னால் தங்கள் பெயரைச் சேர்த்துவிடுவது அங்கே வழக்கம். எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்!

இனி இப்படி ஆனால், பணம் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிக்க, வீட்டுக்காரரை எக்ஸ்சேஞ்சில் யூடிஆர் எண் கேட்கச் சொல்லுங்கள், அதுதான் அந்தப் பணத்துக்கு வங்கி போடும் அடையாள எண். எண் கிடைத்தால் கூட்டாளி வங்கியை விட்டுப் பணம் கிளம்பிவிட்டது, உங்கள் கிளையில் அந்த எண்ணைக் காட்டிக் கேட்கலாம். எண் இல்லையென்றால் இன்னும் கூட்டாளி வங்கியிலேயே நிற்கிறது. அந்த நிலையில் கிளையில் எவ்வளவு சத்தம் போட்டாலும் அவர்கள் கம்ப்யூட்டரில் ஒன்றும் தெரியாது.

அங்கே நிற்கும்போதே ரசீதையும் எமிரேட்ஸ் ஐடியையும் எடுத்துப் போய்ப் பெயரைத் திருத்தச் சொன்னால் பழைய ரேட்டிலேயே போகும். இதற்கு ஒரு சின்னக் கட்டணம் கேட்கலாம். கேன்சல் என்று எழுதிக் கொடுத்துவிட்டால்தான் திர்ஹாமாகத் திரும்பி, மறுபடி அன்றைய ரேட்டில் கட்டவேண்டி வரும்.

அதிராம்பட்டினத்திலிருந்து

எங்களுக்கும் இதே கதைதான் பாய். மச்சான் ரொக்கமாக எடுக்கிற மாதிரி அனுப்பினான். ரசீதில் MOHAMED, என் ஆதாரில் MUHAMMED. கடைக்காரர் பத்து வருஷப் பழக்கம், ஆனாலும் கொடுக்கமாட்டேன் என்றுவிட்டார். கணக்கை விட ரொக்கம் சுலபம் என்று நினைத்திருந்தேன்.

கூத்தாநல்லூரிலிருந்து

அது வேற வழி பாய். ரொக்கத்தில் உங்கள் அடையாள அட்டைதான் கணக்கு, பாஸ்புக் இல்லை. 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தரவும் மாட்டார்கள். அங்கேயும் திருத்தவேண்டியது அனுப்பினவர்தான், கடைக்காரர் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது.

மயிலாடுதுறையிலிருந்து

அக்கா, சமீபத்தில் கேஒய்சி புதுப்பித்தீர்களா? என் அம்மாவுக்கு ஆதாரைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் பெயரை மாற்றிவிட்டார்கள், பாஸ்புக்கில் பழைய பெயரே கிடந்தது. பாஸ்புக்கை நம்பாதீர்கள். கவுண்டரில் திரையில் இருப்பதை எழுத்து எழுத்தாகக் கேட்டு வாங்குங்கள், இடைவெளி எங்கே, இனிஷியல் முன்னாலா பின்னாலா என்பது உட்பட.

திருத்துறைப்பூண்டி பக்கத்திலிருந்து

கேட்டுப் பார்த்தேன் தம்பி. திரையில் THAMIZHSELVI R என்று இருக்கிறது, R பின்னால். கேஒய்சி போன வருஷம் கொடுத்தேன், ஆனால் அதற்கப்புறமும் பழைய பெயரில் பணம் ஏறியிருக்கிறதே. வீட்டுக்காரர் இப்போது திரையில் உள்ளபடியே பெயரைப் புதிதாகச் சேர்த்து 100 திர்ஹாம் மட்டும் அனுப்பிப் பார்த்தார், மறுநாளே ஏறிவிட்டது.

கூத்தாநல்லூரிலிருந்து

பழைய பெயரை ஆப்பிலிருந்து அழித்துவிடச் சொல்லுங்கள் தங்கச்சி, அவசரத்தில் அதையே தொட்டுவிடுவார். முன்பு எப்படி ஏறியது என்பதற்கு என் ஊகம், எக்ஸ்சேஞ்ச் கூட்டாளி வங்கியை மாற்றியிருக்கும். பழைய ரசீது, புது ரசீது இரண்டிலும் வங்கிப் பெயர் இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

திருத்துறைப்பூண்டி பக்கத்திலிருந்து

பழைய ரசீதை அவர் எங்கே வைத்தாரோ. தேடச் சொல்லியிருக்கிறேன் அண்ணே.