2026 சுவர் நாட்காட்டி பி.டி.எஃப்: எழுத்துகள் இடம் மாறுகின்றன, இரண்டு மாதங்களில் கடைசி வாரம் தனிப் பக்கத்துக்குப் போகிறது

கேட்டவர்: சாட்ஸ்வொர்த் வாசகி (டர்பன்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வாரயிறுதித் தமிழ் வகுப்பின் பெற்றோர்களுக்காக 2026-ஆம் ஆண்டுச் சுவர் நாட்காட்டி ஒன்றைப் பைதானில் `fpdf2` கொண்டு தயாரித்து வருகிறேன். மாதத்துக்கு ஒரு பக்கம் என ஏ4 தாளைக் கிடைமட்டமாக வைத்துக் கொண்டு, ஒவ்வொரு நாளின் கட்டத்திலும் பண்டிகையின் பெயரையும் அதன் கீழே பேனாவால் குறிப்பு எழுத வெற்றிடத்தையும் கொடுக்க வேண்டும் என்பது திட்டம். வாரம் ஞாயிற்றுக்கிழமையில் தொடங்குகிறது.

இரண்டு சிக்கல்கள் உள்ளன. முதலாவது, "தீபாவளி" ஏறக்குறைய சரியாக அச்சாகிறது. ஆனால் "பொங்கல்", "தைப்பூசம்" ஆகியவற்றில் கொம்பும் ஐகாரக் குறியும் எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கின்றன. இரண்டாவது, மே, ஆகஸ்ட் ஆகிய இரண்டு மாதங்களில் மட்டும் கடைசி வாரம் புதிய பக்கத்தில் தனியாக வருகிறது. கட்டத்தின் உயரம் 30 மி.மீ.; மேல் ஓரத்துக்கு 16, மாதப் பெயருக்கு 14, கிழமை வரிக்கு 8 மி.மீ. விட்டிருக்கிறேன். பயன்படுத்தும் எழுத்துரு `NotoSansTamil-Regular.ttf`.

பீனிக்ஸ் அச்சகத்தார்

அம்மா, எழுத்துரு கோப்பினுள் பதியாமல் இருந்தால் இப்படித்தான் ஆகும். எங்கள் கடைக்கு வரும் தமிழ்க் கோப்புகளில் பாதி இந்தக் குறையோடுதான் வருகின்றன. நான் பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து விடுவேன். அதில் கொம்பைத் தனியாக முதலில் அடிப்பதால் எந்தக் கணினியிலும் இடம் மாறாது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிரலர்

அச்சகத்தார் அண்ணன் சொல்லும் வழியில் காகிதத்தில் சரியாகவே வரும் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கோப்பில் "பொங்கல்" என்று தேடினால் கிடைக்காது. அடுத்த ஆண்டு பண்டிகைப் பட்டியலை மாற்றும்போது எல்லாவற்றையும் மீண்டும் அதே முறையில் அடிக்க வேண்டியிருக்கும். மேலும் இங்கே எழுத்துரு பதியாதது காரணமாக இருக்க முடியாது. `add_font` வழியாகச் சேர்த்த எழுத்துருவை `fpdf2` தானாகவே கோப்பினுள் பதித்துவிடும். எழுத்துருவில் தமிழ் வடிவங்களே இல்லையென்றால் வெற்றுக் கட்டங்கள்தாம் தெரியும். வடிவங்கள் தெரிந்தும் வரிசை மட்டும் தவறினால், எழுத்துகளைக் கோக்கும் வேலை நடக்கவில்லை என்று பொருள்.

யுனிகோடில் "தை" என்பது முதலில் த, அதன் பிறகு ஐகாரக் குறி என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. காட்டும்போது குறியை முன்னால் நகர்த்துவதும், "பூ" போன்றவற்றுக்குத் தனி வடிவத்தை எடுத்து வைப்பதும் வேறொரு நிரலகத்தின் பொறுப்பு. "தீபாவளி"யில் முன்னால் நகர வேண்டிய குறி எதுவும் இல்லாததால்தான் அது தப்பித்துக் கொண்டது. `fpdf2`-இல் இந்த வசதி இயல்பாக அணைக்கப்பட்டிருக்கும். முதலில் `pip install uharfbuzz` என்று நிறுவிவிட்டு, பின்வருமாறு எழுதுங்கள்.

```python
pdf = FPDF(orientation="L", unit="mm", format="A4")
pdf.add_font("Tamil", fname="NotoSansTamil-Regular.ttf")
pdf.set_text_shaping(True)
pdf.set_auto_page_break(False)
```

கடைசி வரி உங்கள் இரண்டாவது சிக்கலுக்கானது. கிடைமட்ட ஏ4 தாளின் உயரம் 210 மி.மீ.; அதன் அடியில் 20 மி.மீ. நெருங்கியதும் `fpdf2` தானாகவே பக்கத்தை மாற்றிவிடும், அதாவது 190 மி.மீ. வரைதான் உங்களுக்கு இடம். உங்கள் கணக்கில் தலைப்புப் பகுதி 38 மி.மீ.-இல் முடிகிறது, ஐந்து வாரங்களுக்கு 150 மி.மீ. சேர்த்தால் 188, ஆகவே மயிரிழையில் அடங்கிவிடுகிறது. 2026 மே 1 வெள்ளிக்கிழமையும் ஆகஸ்ட் 1 சனிக்கிழமையும் ஆவதால், ஞாயிற்றில் தொடங்கும் வாரக்கணக்கில் இவ்விரு மாதங்களுக்கும் ஆறு வரிசைகள் தேவைப்படுகின்றன; ஆறாவது வரிசை 218 மி.மீ. வரை போவதால், பக்க மாற்றத்தை அணைத்தால் மட்டும் போதாது, அது தாளுக்கு வெளியே விழுந்துவிடும். எனவே உயரத்தை மாதத்துக்கேற்பக் கணக்கிட வேண்டும்.

```python
cal = calendar.Calendar(firstweekday=6)
weeks = cal.monthdatescalendar(2026, month)
row_h = (210 - 38 - 10) / len(weeks)
```

அடியில் 10 மி.மீ. விட்டால் ஆறு வார மாதத்தில் ஒரு கட்டம் 27 மி.மீ., ஐந்து வார மாதத்தில் 32.4 மி.மீ. கிடைக்கும். நான்கே வாரங்களில் முடியும் பிப்ரவரியில் 40.5 மி.மீ. என்பதால் அந்தப் பக்கம் சற்று வித்தியாசமாகத் தெரியும். எல்லா மாதமும் ஒரே மாதிரி இருக்க வேண்டுமென்றால் `len(weeks)` என்ற இடத்தில் 6 என்றே எழுதலாம். ஆனால் குறிப்பு எழுதும் இடத்தை வீணாக்குவானேன் என்பது என் எண்ணம்.

டொங்காட் பாட்டி

என் பேரன் இதே போல ஒன்று செய்து கொடுத்தான். அதில் புரட்டாசி விரத மாதம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. பண்டிகை நாள்களை மட்டும் குறித்தால் போதாது, மகளே. இங்கே மாதம் முழுவதும் விரதம் இருக்கும் வீடுகள் எத்தனையோ.

சாட்ஸ்வொர்த் வாசகி

பாட்டி, அந்த நாள்களின் கட்டங்களுக்கு வெளிர் மஞ்சள் பூசிவிடுகிறேன். பேனா எழுத்து அதன் மேல் தெளிவாகத் தெரியும் அளவுக்கு நிறம் மென்மையாக இருக்கும்.

நிரலர் ஐயா, எழுத்துகள் சரியாகிவிட்டன, மே மாதமும் ஒரே பக்கத்தில் அடங்கிவிட்டது. ஆகஸ்டில் மட்டும் ஓர் ஐயம். 27 மி.மீ. கட்டத்தில் தேதிக்கு 7 மி.மீ., பண்டிகைப் பெயர் இரண்டு வரியானால் 8 மி.மீ. போக, 12 மி.மீ.தான் எழுத மிஞ்சுகிறது. பெண்கள் தினமான ஆகஸ்ட் 9 ஞாயிற்றுக்கிழமை வருவதால், மறுநாள் திங்களும் பொது விடுமுறை என்பதை அடுத்தடுத்த இரண்டு கட்டங்களில் எழுத வேண்டியுள்ளது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிரலர்

பெயரைத் தேதிக்குக் கீழே வைக்காமல் அதே வரியில் வலப்புறம் வையுங்கள். கட்டத்தின் அகலம் 39.5 மி.மீ. இருக்கிறது, தேதிக்கு 10 மி.மீ. ஒதுக்கினாலும் `multi_cell` கொண்டு மீதி அகலத்தில் இரண்டு வரி எழுதலாம். அப்போது கீழே 19 மி.மீ. முழுவதும் குறிப்புக்குக் கிடைக்கும். திங்கட்கிழமைக் கட்டத்தில் "பொது விடுமுறை" என்று மட்டும் போட்டால் போதும்.

பீனிக்ஸ் அச்சகத்தார்

அச்சிடக் கொடுக்கும்போது இரண்டு செய்திகளைச் சொல்லிவிடுங்கள். "தாளுக்குப் பொருத்து" என்ற தேர்வு வேண்டாம், அசல் அளவிலேயே அச்சிட வேண்டும். இல்லையேல் கட்டங்கள் சிறுத்துவிடும். பளபளப்பான தாளையும் தவிர்த்துவிடுங்கள். படம் அழகாக வரும், ஆனால் அதில் பேனா மை எளிதில் உலராமல் கை பட்டதும் இழுபடும்.

சாட்ஸ்வொர்த் வாசகி

மிக்க நன்றி, அண்ணா. இன்னும் ஒன்று மட்டும் தீரவில்லை. தீபாவளி நவம்பர் 8 என்பதிலும் தைப்பூசம் பிப்ரவரி 1 என்பதிலும் கருத்து வேறுபாடு இல்லை, இரண்டும் ஞாயிறு. பொங்கலைத்தான் ஒரு பஞ்சாங்கம் ஜனவரி 14 என்றும் இன்னொன்று 15 என்றும் சொல்கிறது. எதை அச்சிடுவது?

பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிரலர்

சூரியன் மகர ராசிக்குள் நுழையும் நேரத்தைத் திருக்கணிதமும் வாக்கியமும் வெவ்வேறாகக் கணிப்பதால் வரும் வேறுபாடு அது. நிரலால் தீர்க்கக் கூடியது அன்று. தமிழ்நாட்டு அரசின் விடுமுறைப் பட்டியலில் 15 என்று இருக்கிறது. தேதிகளை நிரலுக்குள் எழுதாமல் `festivals.csv` என்ற தனிக் கோப்பில் வையுங்கள். கோயில் குருக்கள் எதைச் சொன்னாலும் ஒரு வரியை மாற்றினால் முடிந்துவிடும்.

டொங்காட் பாட்டி

எங்கள் கோயிலில் 14 என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

சாட்ஸ்வொர்த் வாசகி

எங்கள் வகுப்பில் இரண்டு கோயில்களைச் சேர்ந்த குடும்பங்களும் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை குருக்களிடம் கேட்ட பிறகே அந்தப் பக்கத்தை அச்சுக்குக் கொடுப்பேன். மற்ற பதினொரு மாதங்களையும் நாளைக்கே அனுப்பிவிடுகிறேன்.