சின்ன பவுண்டரிக்கு நான் எழுதிய பயிற்சிக் கடிதம்: உங்கள் அனுபவமும் சொல்லுங்கள்

உலோகப் பொறியாளினி: உலோகவியல் பட்டம் முடித்த கையோடு, கோடைப் பயிற்சி கேட்டு ஐந்து பவுண்டரிகளுக்கு ஒரே கடிதத்தை அனுப்பினேன். படித்த பாடங்கள், மதிப்பெண், எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் செய்த புராஜெக்ட் எல்லாம் அதில் இருந்தன. யாரும் பதில் போடவில்லை.

ஆறாவது இடத்துக்கு நேரில் போனேன். சாம்பல் வார்ப்பிரும்பில் பம்ப் உறைகள் ஊற்றும் சின்ன இடம். வாசல் பக்கம் கழிவுக் குவியலில், பாதி மெஷினிங் ஆன உறைகள் கிடந்தன. வார்ப்பின் தோலில் ஒன்றும் தெரியவில்லை. கடைந்த இடத்தில் மட்டும் உருண்டை ஓட்டைகள், எல்லாம் மோல்டின் மேல்பக்கமாக வரும் முகத்தில். சில ஓட்டைகளுக்குள் சாம்பல் நிறக் கசடு ஒட்டியிருந்தது. வீட்டுக்கு வந்து இப்படி எழுதினேன்:

"உங்கள் கழிவுக் குவியலில் பம்ப் உறைகளைப் பார்த்தேன். ஓட்டைகள் தோலுக்குக் கீழே, மேல்பக்கத்தில் உள்ளன. உலோகம் குளிர்ந்த நிலையில் ஊற்றப்பட்டதால், மாங்கனீஸ் சல்ஃபைடு கலந்த கசடு அங்கே சிக்கியிருக்கலாம் என்று நினைக்கிறேன். இது ஊகம்தான். ஆறு வாரம் அனுமதித்தால், ஒவ்வொரு லேடிலிலும் முதல் மோல்டு முதல் கடைசி மோல்டு வரை வெப்பநிலையைக் குறித்து, காஸ்டிங்கில் எண் போட்டு, மெஷினிங் வரை தொடர்ந்து பார்ப்பேன். இரவு ஷிஃப்டுக்கும் வருவேன். மணல் சோதனை ஆய்வகத்தில் செய்திருக்கிறேன். உருக்கும் இடத்தில் வேலை செய்த அனுபவம் இல்லை."

இரண்டாம் நாளே முதலாளி கூப்பிட்டார். "எந்த மோல்டில் ஓட்டை வருதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்பதுதான் முதல் கேள்வி. தெரியாது, அதைக் கண்டுபிடிக்கத்தான் வருகிறேன் என்றேன். சரி, திங்கட்கிழமை வா என்றார்.

பழைய மேற்பார்வையாளர்: இருபது வருஷம் இந்தக் கடிதங்களைப் படித்தவன் நான். உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்தது "ஊகம்தான்" என்ற சொல். ரிஜெக்ஷனைப் பாதியாகக் குறைத்துத் தருகிறேன் என்று எழுதும் பிள்ளைகளைக் கூப்பிட எனக்குப் பயமாக இருக்கும். அவர்கள் வந்த மூன்றாம் நாளே மோல்டரிடம் சண்டை போடுவார்கள். இன்னொன்று, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை வர முடியும் என்று எழுத வேண்டும். நீங்கள் எழுதவில்லை. சின்ன பவுண்டரியில் அவர்களுக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான்.

மணல்மேடு: புளோஹோல் என்றால் ஈரம்தானே அக்கா? பச்சை மணலில் ஈரம் கூடினால் ஓட்டை வரும். நீங்கள் ஈரத்தைப் பற்றி எழுதியிருந்தால் அன்றைக்கே கூப்பிட்டிருப்பார்கள்.

உலோகப் பொறியாளினி: ஈரத்தாலும் ஓட்டை வரும் தம்பி, அதில் தப்பில்லை. ஆனால் ஈரத்திலிருந்து உலோகத்துக்குள் போகும் ஹைட்ரஜனால் வருவது பெரும்பாலும் சின்னஞ்சிறு துளை, உள்ளே பளபளப்பாக இருக்கும், கசடு இருக்காது. நான் பார்த்தது அப்படி இல்லை. போய்க் குறித்துப் பார்த்ததில், முதல் மோல்டு 1400 டிகிரிக்குப் பக்கத்திலும், அதே லேடிலின் கடைசி மோல்டுகள் 1300-ஐ ஒட்டியும் ஊற்றப்பட்டன. ஓட்டைகள் கடைசி மூன்று மோல்டுகளில்தான் திரும்பத் திரும்ப வந்தன. லேடிலை நன்றாகச் சூடேற்றி, ஒரு லேடிலில் ஊற்றும் மோல்டுகளில் மூன்றைக் குறைத்தோம். அப்புறம் அந்த உறையில் ஓட்டை வெகுவாகக் குறைந்தது.

பழைய மேற்பார்வையாளர்: ஒரு சந்தேகம். கடைசியில் ஊற்றும் மோல்டுதான் மூடியபடி அதிக நேரம் காத்திருக்கும். உள்ளே வைத்த மணல் கோர் ஈரம் இழுத்திருக்கலாம். வெப்பநிலையும் காத்திருப்பும் ஒன்றாகவே போகும்போது இரண்டையும் பிரித்துப் பார்த்தீர்களா?

உலோகப் பொறியாளினி: இல்லை சார். ஆறு வாரத்தில் அதற்கு நேரம் கிடைக்கவில்லை. அதிக நேரம் மூடி வைத்த மோல்டை முதலில் ஊற்றிப் பார்த்திருக்க வேண்டும்.

கம்பி உருளை: எனக்கு வேலைக்கான கடிதம் எழுதத் தெரியவில்லை. பெரிய உருக்காலைக்கு நிரந்தர வேலை கேட்கிறேன், இப்படியே எழுதலாமா? அங்கே கழிவுக் குவியலைப் பார்க்க வெளியாளை விட மாட்டார்களே.

பழைய மேற்பார்வையாளர்: இங்கே பேசுவது கோடைப் பயிற்சி பற்றி. பெரிய ஆலையில் மனிதவளப் பிரிவுதான் முதலில் படிக்கும். அவர்களுக்குக் கசடு புரியாது, பட்டமும் வருடமும்தான் தேடுவார்கள்.

வார்ப்புக்காரி: என் கதை வேறு. அலுமினியம் டை காஸ்டிங் பவுண்டரிக்கு இதே மாதிரிக் குறையைக் குறிப்பிட்டு எழுதினேன். முதலாளிக்குக் கோபம் வந்துவிட்டது. என் கழிவை யார் உனக்குக் காட்டினது என்று போனில் திட்டினார். வாசலில் நின்று அனுமதி கேட்காமல் பார்த்தேன், அது என் தப்பு. நீங்கள் கேட்டுவிட்டுப் பார்த்தீர்களா?

உலோகப் பொறியாளினி: காவலாளியிடம் கேட்டேன். அவரே ஒரு துண்டை எடுத்துக் கையில் கொடுத்தார். அதைக் கடிதத்தில் எழுதாமல் விட்டேன். எழுதியிருந்தால் அவருக்குச் சிக்கல் வந்திருக்குமோ என்று இன்னும் யோசிக்கிறேன்.